கோத்தகிரிக் குளிரில் உறைந்த எண்ணெய்: ஓர் உறிஞ்சுகுழியை மீட்ட கதை

சமையலறைக் கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டால் எல்லோரும் முதலில் செய்வது எதுவோ அதைத்தான் நானும் செய்தேன். அடைப்பைக் கரைத்தேன், கரையாததைக் குத்தித் தள்ளினேன், தண்ணீர் ஓடியதும் வேலை முடிந்தது என்று கையைக் கழுவிக்கொண்டேன். தள்ளியதெல்லாம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று யோசிக்காததற்கு ஒன்றரை மாதத்தில் விலை கொடுக்க வேண்டியிருந்தது. இப்போது ஓராண்டு கடந்து, அடுத்த வடகிழக்குப் பருவமழையையும் குழி தாங்கிவிட்டதால், நடந்ததை வரிசையாக எழுதிவைக்கிறேன்.

எங்கள் வீடு கோத்தகிரிக்கு வெளியே, தேயிலைச் சரிவின் மேல் படியில் இருக்கிறது. வீட்டில் நால்வர், விருந்தினருக்கு மூன்று அறைகளை வாடகைக்கு விடுகிறோம், சமையல் எல்லாருக்கும் ஒன்றாகவே நடக்கும். கழிப்பறைக்குத் தனிச் செப்டிக் டேங்க் உண்டு என்பதால், சமையலறைத் தண்ணீர் மட்டும் 75 மில்லிமீட்டர் பிவிசி குழாயில் பதினொரு மீட்டர் ஓடி உறிஞ்சுகுழியில் விழும். அந்தக் குழி 2016இல் வெட்டியது. நாலடி விட்டம், ஏழடி ஆழம், துளையிட்ட சிமென்ட் உறைகள், உறைக்கு வெளியே சுற்றிலும் ஒன்றரை அங்குல ஜல்லி, உள்ளே வெறும் வெளி. ஏழு ஆண்டுகளில் ஒருமுறைகூட அதன் மூடியை நாங்கள் திறந்து பார்த்ததில்லை.

2023 அக்டோபரில் முதல் அறிகுறி தெரிந்தது. காலையில் தொட்டியில் பாத்திரம் கழுவினால் தண்ணீர் தயங்கித் தயங்கி இறங்கும். அதே தொட்டி பிற்பகல் மூன்று மணிக்கு ஒன்றுமே நடக்காததுபோல் வேலை செய்யும். தொட்டியை ஒரேயடியாகக் காலி செய்தால் தரைத் தண்ணீர் வெளியேறும் வாயான நஹானி ட்ராப்பில் குமிழி விட்டு 'களக் களக்' என்று சத்தம் வரும். இந்தக் காலை, பிற்பகல் வேறுபாடுதான் நோயின் பெயரையே சொல்லியிருக்க வேண்டிய அறிகுறி என்று இப்போது தெரிகிறது. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே உறையத் தொடங்கிவிடும்; எங்கள் ஊரில் ஆண்டின் பெரும்பகுதி அதற்குக் கீழேதான். ரேஷன் கடைப் பாமாயில் மார்கழிக் காலையில் பாக்கெட்டுக்குள்ளேயே கலங்கி நிற்பதை இங்கே பார்க்காதவர் கிடையாது. ஆட்டுக் கொழுப்போ கை பொறுக்கும் வெந்நீரிலேயே கெட்டியாகத் தொடங்கிவிடும். சமவெளியில் குழியையாவது எட்டிவிடும் எண்ணெய், இங்கே வீட்டின் நிழல் பக்கமாக ஓடும் குளிர்ந்த குழாயின் நடுவழியிலேயே உட்கார்ந்துவிடுகிறது.

முதல் தவறு வெந்நீர். மூன்று நாள் தொடர்ந்து இரவில் இரண்டு குண்டான் கொதிநீரை ஊற்றினேன். தண்ணீர் நன்றாக இறங்கியது. உண்மையில் தொட்டிக்கு அடியில் இருந்த கொழுப்பு உருகி, ஏழாவது மீட்டரில் குழாய் திரும்பும் எல்போவில் போய் மீண்டும் உறைந்திருக்கிறது. முன்பு கை எட்டும் தூரத்தில் இருந்த அடைப்பை நானே மண்ணுக்கடியில் அனுப்பிவைத்தேன்.

இரண்டாவது தவறு காஸ்டிக் சோடா. அது கொழுப்பைச் சோப்பாக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது தொடுகின்ற மேற்பரப்பைத்தான் சோப்பாக்கும், உள்ளே இருக்கும் கட்டி அப்படியே இருக்கும். கரைசல் தெறித்து மணிக்கட்டில் ஒரு தழும்பு மிச்சம். அதை அலுமினியப் பாத்திரத்தில் மட்டும் யாரும் கரைத்துவிட வேண்டாம். பாத்திரத்தையே அரித்துக்கொண்டு பொங்கி, தீப்பற்றக்கூடிய வாயுவையும் வெளியேற்றும். பிறகு அடைப்பு நீக்கும் பொடி என்று கடையில் கொடுத்த நுண்ணுயிர்ப் பாக்கெட் ஒன்றை 380 ரூபாய்க்கு வாங்கி, சொன்னபடி ஒரு வாரம் போட்டேன். இந்தக் குளிரில் அந்த உயிர்கள் மெதுவாகத்தான் வேலை செய்யும். எனக்கு எந்த மாற்றமும் தெரியவில்லை.

கடைசியில் பிளம்பர் ஒருவர் வந்து, மூங்கிலை நீளவாக்கில் பிளந்து எடுத்த பட்டையைக் குழாய்க்குள் விட்டு அரைமணி நேரம் இழுத்துத் தள்ளினார். ஏதோ நழுவிய சத்தம் கேட்டது; தண்ணீர் அடித்துக்கொண்டு ஓடியது. கூலி 800 ரூபாய். அன்று இரவு எங்கள் வீட்டில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கினோம்.

பன்னிரண்டாம் நாள் குழியின் மூடி ஓரத்தில் சாம்பல் நிறத் தண்ணீர் கசிந்தது. கீழ்ப்படியின் தாங்குசுவரில் தண்ணீர் வடிய விட்டிருந்த துளை ஒன்றிலிருந்து பிசுபிசுப்பாகச் சொட்டுச் சொட்டாக விழுந்ததையும் அன்றுதான் கவனித்தேன். குழியைச் சுற்றி மட்டும் புல் ஒரு முழம் வளர்ந்து கரும்பச்சையாக நின்றதை இரண்டு மாதமாக ரசித்துக்கொண்டிருந்தது வேறு கதை. நல்ல மழைக்காலம் என்பதால், மண் ஊறிப்போயிருக்கிறது, மழை விட்டால் சரியாகிவிடும் என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்னார். எங்கள் கொத்தனார் அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "தண்ணி போற பாதை சரியாத்தாங்க இருக்குது. போய்ச் சேர்ற இடந்தான் மூச்சடைச்சுக் கிடக்குது," என்றார்.

இருவரில் யார் சொல்வது சரி என்று பார்க்க ஒரு சோதனை செய்தோம். இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். குழியிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி, அதே படியில், ஓரடி அகலம் இரண்டடி ஆழத்தில் ஒரு சிறு குழி தோண்டி, முந்தைய இரவே தண்ணீர் நிரப்பி மண்ணை ஊற விட்டோம். காலையில் மீண்டும் ஓரடி உயரத்துக்கு நல்ல தண்ணீர் ஊற்றி, அளவுகோலை நட்டுக் கடிகாரத்தைப் பார்த்தோம். இருபது நிமிடத்தில் இரண்டரை சென்டிமீட்டர் இறங்கியது. அதாவது மழையில் ஊறிய நிலையிலும் மண் தண்ணீர் குடிக்கிறது. பிறகு சமையலறைத் தண்ணீரை ஒருநாள் முழுக்க வாளியில் பிடித்து வெளியே ஊற்றிவிட்டு, பெரிய குழியின் நீர்மட்டத்தை அளந்தோம். இருபத்துநான்கு மணி நேரத்தில் இறங்கியது நான்கு சென்டிமீட்டர்தான். நாலடி விட்டமுள்ள குழியில் நான்கு சென்டிமீட்டர் என்பது ஐம்பது லிட்டருக்கும் குறைவு. எங்கள் சமையலறையோ, வாளி எண்ணிப் பார்த்ததில், ஒரு நாளைக்கு 180 லிட்டர் விடுகிறது. மண்ணில் குறையில்லை, குழியின் சுவர்தான் அடைத்துப்போயிருக்கிறது என்பது அத்துடன் முடிவாயிற்று. சிறு குழியிலும் தண்ணீர் இறங்காமல் நின்றிருந்தால் பெரியவர் சொன்னதுதான் சரி. அப்போது குழியைச் சுத்தம் செய்து பயனில்லை.

மூடியைத் திறந்தபின் அரைநாள் அப்படியே காற்றாட விட்டோம். சமையலறைத் தண்ணீர்தானே என்று நினைத்து யாரும் உள்ளே தலையை நீட்டவோ இறங்கவோ கூடாது. அழுகும் கசடு விடும் வாயு ஆளை மயக்கிக் கொன்றுவிடும், மூக்கு அதை எப்போதும் முன்கூட்டிச் சொல்வதில்லை. எல்லா வேலையையும் இரண்டு பேராக மேலே நின்றே செய்தோம். நீளக் கம்பில் கட்டிய பழைய இரும்புச் சட்டியும், இரும்புக் கொக்கி மாட்டிய வாளியும்தான் கருவிகள். மேலே மிதந்த கொழுப்புப் படலம் பதினெட்டு சென்டிமீட்டர் தடிமன் இருந்தது. மேற்புறம் காய்ந்த தோசை மாவு போல வெடித்து, உள்ளே வெண்சாம்பல் நிறத்தில் வழவழவென்று, நடுநடுவே கறிவேப்பிலையும் ஏலக்காய்த் தோலும் பதிந்து கிடந்தது. இருபது லிட்டர் பெயிண்ட் வாளியில் பதினொரு வாளி எடுத்தோம். அதைவிடக் கெட்டது உறையின் உட்சுவரில் ஒட்டியிருந்த கருப்பு வழவழப்பு. எண்ணெயும் சோற்றுப் பருக்கையும் தின்று வளரும் கிருமிகள் சேர்ந்து விடும் கோழை அது. விரல் நகத்தளவு தடிமன்தான், ஆனால் துளைகளையெல்லாம் அடைத்து, வெளியே இருக்கும் ஜல்லிக்குள்ளும் போயிருந்தது. தென்னநார் துடைப்பத்தை மூங்கிலில் கட்டி உட்சுவரைத் தேய்த்தோம்; ஜல்லிக்குள் இருப்பதை எந்தத் துடைப்பமும் எட்டாது.

அதை எட்டக்கூடிய ஒரே மருந்து ஓய்வு. தண்ணீரும் எண்ணெயும் வராமல், காற்றுப் பட்டுக் காய்ந்தால் அந்தக் கோழை தானாகச் சிதைந்து உதிரும். அதற்கு மாதங்கள் வேண்டும் என்பதால் இரண்டாவது குழி ஒன்று தேவைப்பட்டது. பழைய குழி தாங்குசுவரின் விளிம்பிலிருந்து இரண்டே மீட்டரில் இருந்தது; அதுவே ஒரு பிழை. மலைச் சரிவில் சுவருக்குப் பின்னால் நாள்தோறும் தண்ணீர் ஊற விடுவது சுவரைத் தள்ளிவிடுவதற்குச் சமம். எனவே புதுக் குழியை ஆறு மீட்டர் உட்புறம் தள்ளி, கீழே இருக்கும் ஊற்றுக்கு முப்பது மீட்டருக்கு மேல் தூரம் விட்டு, 2024 ஜனவரியில் அதே அளவில் வெட்டினோம். உறைகளை ரோட்டிலிருந்து ஆள் வைத்து உருட்டி இறக்கியது உட்பட 23,000 ரூபாய் ஆயிற்று. இரண்டு குழிக்கும் பொதுவாக ஒரு சிறு சேம்பர் கட்டி, எந்தக் குழிக்கு ஓய்வோ அந்தக் குழாய் வாயில் சாக்குச் சுற்றிய மரக்கட்டையை அடித்து வைத்திருக்கிறோம்.

குழாயையும் அப்போதே தோண்டிப் பார்த்தோம். நாற்பதுக்கு ஒன்று என்ற சாய்வில் பதினொரு மீட்டருக்கு 27 சென்டிமீட்டர் வாட்டம் வேண்டும்; தண்ணீர் நிரப்பிய டியூப் லெவல் பிடித்ததில் பத்தொன்பதுதான் இருந்தது, அதிலும் நடுவில் மண் அமுங்கி ஒன்றரை மீட்டர் நீளத்துக்குக் குழாய் தொய்ந்து கிடந்தது. தொய்வில் எப்போதும் தண்ணீர் நிற்கும், நிற்கும் தண்ணீரில் கொழுப்பு படியும். வாட்டத்தைச் சரிசெய்து, அந்த எல்போவை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் திறந்து பார்க்கும்படி ஒரு சேம்பர் வைத்தோம்.

இதெல்லாம் செய்தும் எண்ணெய் உள்ளே போய்க்கொண்டிருந்தால் ஏழு ஆண்டில் மறுபடி இதே கதைதான். ஆகவே கொழுப்பைப் பிடிக்கும் தொட்டி ஒன்றைக் கட்டினோம். கொத்தனார் அதைக் குழியருகே கட்டலாம் என்றார், திறக்க வசதி என்று. நான் சமையலறைச் சுவரை ஒட்டி, வடக்கு நிழலில் வேண்டும் என்றேன். குழியருகே வைத்தால் தொட்டிக்கு வருவதற்கு முன்பே பதினொரு மீட்டர் குழாயில் கொழுப்பு உறையும். இங்கே வைத்தால் ஒரு மீட்டர் குழாய்தான் ஆபத்தில் இருக்கும். இதுவரை எதிரியாக இருந்த குளிர் இந்தத் தொட்டிக்குள் நமக்கு வேலைக்காரனாகிறது. எண்ணெய் குளிர்ந்து உறைந்து மேலே மிதந்தால்தானே அள்ள முடியும்.

செங்கல் கட்டு, உள்ளே வழவழப்பான சிமென்ட் பூச்சு. உள்ளளவு 75 சென்டிமீட்டர் நீளம், 45 அகலம். தண்ணீர் நிற்கும் ஆழம் 45. ஆக ஏறக்குறைய 150 லிட்டர். பெரிய பாத்திரங்கள் கழுவும்போது பத்து நிமிடத்தில் நாற்பது லிட்டர் வருகிறது. அந்த வேகத்திலும் தண்ணீர் உள்ளே அரைமணிக்கு மேல் தங்கும். உள்வரும் குழாயிலும் வெளியேறும் குழாயிலும் T வடிவ இணைப்பான டீ மாட்டி, கால்களைக் கீழ்நோக்கி விட்டிருக்கிறோம். டீயின் மேல்வாயை அடைக்காமல் விட வேண்டும். அடைத்தால் தண்ணீர் இறங்கும் வேகத்தில் தொட்டித் தண்ணீரையே உறிஞ்சிக் கொண்டு போய்விடும். சேம்பர்களும் தொட்டியும் சேர்த்துச் செலவு 8,600 ரூபாய்.

இங்கும் ஒரு பிழை நேர்ந்தது. வெளியேறும் டீயின் காலை நீர்மட்டத்துக்குக் கீழே பத்து சென்டிமீட்டர்தான் விட்டிருந்தோம். ஐந்தாம் வாரம் சேம்பரைத் திறந்தபோது வெள்ளைத் துணுக்குகள் மிதந்தன. மேலே கொழுப்பு தடித்துக்கொண்டே வந்து, காலின் வாயைத் தொடும் அளவுக்கு இறங்கியிருந்தது. டீயின் காலை முப்பது சென்டிமீட்டராக நீட்டினோம். அதாவது அடித்தரைக்கு மேலே பதினைந்து. நடுவில் இருக்கும் தெளிந்த தண்ணீர் மட்டும் இப்போது வெளியேறுகிறது. கீழே கசடு, மேலே கொழுப்பு, இரண்டும் அந்த வாயைத் தொடாதவரை தொட்டி வேலை செய்யும்.

எனவே அளப்பதுதான் பராமரிப்பு. ஒரு குச்சியில் பழைய வேட்டித் துணியைச் சுற்றி, அடிவரை விட்டு, சில நிமிடம் வைத்து மெதுவாக எடுத்தால் கசடு எவ்வளவு உயரம் என்பது துணியில் கறையாகத் தெரியும். இன்னொரு குச்சியின் நுனியில் சிறு கட்டையைக் குறுக்கே அறைந்து, ஓரமாகக் கொழுப்பைத் துளைத்து உள்ளே விட்டு மேலே இழுத்தால், படலத்தின் அடிப்புறம் தட்டும் இடம் கைக்குத் தெரியும். இரண்டும் சேர்ந்து நீர் ஆழத்தில் கால்பங்கு, எங்கள் கணக்கில் பதினொரு சென்டிமீட்டர், ஆகும்போது அள்ளிவிட வேண்டும். நாட்காட்டி பார்த்து அள்ளுவது சரிவராது. ஏப்ரல், மே சீசனில் அறைகள் நிறைந்திருந்தபோது பதினாறு நாளில் அந்த அளவு வந்தது; ஜூலையில் ஆறு வாரம் ஆயிற்று.

அள்ளுவதற்கு உகந்த நேரம் விடிகாலை, முதல் தேநீருக்கும் முன்னால். அப்போது கொழுப்பு கேக் துண்டு போலக் கெட்டியாக இருக்கும். ஓட்டைக் கரண்டியை அடியில் கொடுத்தால் பாளம் பாளமாக வரும். ஒருமுறை சோம்பலில் பிற்பகலுக்குத் தள்ளிப்போட்டு, கூழாகிப்போன எண்ணெயைத் துழாவிக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றேன். மேலே இருப்பதை எடுத்தபின் அடிக்கசடையும் வாரி எடுத்துவிட்டு, தொட்டியை உடனே நல்ல தண்ணீரால் நிரப்பிவிட வேண்டும். இல்லையென்றால் மட்டம் ஏறும்வரை வரும் எண்ணெய்த் தண்ணீர் டீயின் திறந்த காலுக்குள்ளேயே மிதந்து ஏறி, நேராகக் குழிக்குப் போய்விடும்.

அள்ளியதை என்ன செய்வது என்பது இந்த ஊருக்கே உரிய தலைவலி. முதல் முறை உரக்குழி ஓரத்தில் ஓரடி ஆழத்தில் புதைத்தேன். காலையில் அந்த இடம் உழுததுபோல் கிடந்தது. கரடிக்கு எண்ணெய் வாடை என்றால் உயிர். இங்கே அது கோயில் விளக்கில் ஊற்றிய எண்ணெயையே விட்டுவைப்பதில்லை. இப்போது சாம்பலும் மரத்தூளும் கலந்து பிசைந்து, இரண்டடிக்கும் கீழே புதைத்து, மேலே கல் பரப்புகிறோம். தொட்டி மூடியிலும் இரும்புப் பட்டை போட்டுத் தாழ்ப்பாள் வைத்தாயிற்று.

அளவைக் குறைத்தது அம்மா செய்த ஒரு மாற்றம். வாணலியையும் குழம்புச் சட்டியையும் கழுவுவதற்கு முன் செய்தித்தாளால் துடைத்து, அந்தத் தாளை வெந்நீர் அடுப்பில் போடுகிறார். வடித்த கஞ்சியைப் பாத்திரத் தொட்டியில் ஊற்றுவதை நிறுத்தி, கீழ்வீட்டு மாட்டுக்குக் கொடுக்கிறோம்; கஞ்சி சூடாக விழுந்து கொழுப்புத் தொட்டியின் உள்வாயருகே கொழுப்பை உருக்கியதோடு, மாவாக அடியில் படிந்து புளித்து நாறிக்கொண்டிருந்தது. பாத்திரம் கழுவும் திரவத்தை அளவோடு ஊற்றுவதும் முக்கியம். அதிகமானால் எண்ணெய் பாலாகக் கலந்து மிதக்காமல் வெளியே போய்விடும். சூரியகாந்தி எண்ணெய் உறையாதே என்று சிலர் சொல்வதுண்டு. உறையாவிட்டாலும் அது இந்த வழியாகக் குழிக்குப் போய்ச் சேரும்.

தொட்டி வந்தபின் கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பதும் எளிதாகிவிட்டது. பாத்திரத் தொட்டி தயங்கும்போது மூடியைத் திறந்து பார்க்கிறேன். நீர்மட்டம் வழக்கமான கோட்டில் இருந்தால் அடைப்பு சமையலறைக்கும் தொட்டிக்கும் இடையிலுள்ள அந்த ஒரு மீட்டரில் இருக்கிறது. மட்டம் கோட்டுக்கு மேலே ஏறி நின்றால் கோளாறு அதற்குப் பின்னால். அப்போது எல்போ இருந்த இடத்தில் வைத்த நடுச் சேம்பரைத் திறக்க வேண்டும். அதில் தண்ணீர் இல்லையென்றால் தொட்டிக்கும் அதற்கும் நடுவே அடைப்பு, அதிலும் தேங்கியிருந்தால் அதற்குக் கீழே உள்ள குழாயோ குழியோதான் காரணம். நஹானி ட்ராப் குமிழி விடுவது இவை எல்லாவற்றுக்கும் முன்னால் வரும் எச்சரிக்கை. வாடையை நம்பிக் காத்திருந்தால் பிந்திவிடும்.

பழைய குழி ஒன்பது மாதம் காய்ந்தது. செப்டம்பர் கடைசியில் அதில் தண்ணீர் நிரப்பி அளந்தோம். ஒரே நாளில் 28 சென்டிமீட்டர் இறங்கியது, அதாவது முந்நூறு லிட்டருக்கு மேல். மழை தொடங்குமுன் அக்டோபர் முதல் தேதியில் கட்டையை மாற்றி அடித்து, பழைய குழியைப் பயனுக்குக் கொண்டுவந்து, புதியதை ஓய்வுக்கு விட்டோம். தாங்குசுவர் மட்டும் மனதை உறுத்துவதால் நவம்பர் முழுக்க வாரம் ஒருமுறை அந்தத் துளையைப் பார்த்துவந்தேன். பலத்த மழை நாட்களில் தெளிந்த தண்ணீர் வந்தது, பிசுபிசுப்பு இல்லை. இருந்தாலும் பணம் சேர்ந்ததும் சுவரோரக் குழியை மண்கொட்டி மூடிவிட்டு, மூன்றாவதை உட்புறமே வெட்டுவது என்றுதான் முடிவு.

மறுபடி கட்டினால் தொட்டி மூடியை ஒரே பலகையாக வார்க்க மாட்டேன். இதைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருக்கிறது, அதனாலேயே இரண்டு முறை அளக்காமல் தள்ளிப்போட்டேன்; இரண்டு துண்டாக, ஒரு கையால் தூக்கும்படி கைப்பிடி வைத்து வார்க்க வேண்டும். நீளத்தையும் 90 சென்டிமீட்டராக்குவேன், சீசனுக்காக. இன்று காலை அளந்ததில் கொழுப்பு ஐந்து, கசடு மூன்று. பொங்கலுக்கு மூன்று அறையும் நிரம்புவதால் அதற்கு முந்தின ஞாயிறு விடிகாலையிலேயே அள்ளிவிடலாம் என்றிருக்கிறேன்.